பித்தளைத் தகட்டின் கிரெயின் சைஸ்: கோடு போட்டு எண்ணி ஜி நம்பர் காண்பது

பித்தளைத் தகட்டை பிரஸ்ஸில் கொடுத்துக் குழிவாக இழுக்கும்போது சில சமயம் வெளிப்பக்கம் வழவழவென்று வராமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக வந்துவிடும். பாலிஷ் போடுபவர் தலையில் அடித்துக்கொள்வார், ஏனென்றால் அந்தச் சொரசொரப்பைத் தேய்த்து எடுக்க நேரமும் உலோகமும் போகும். பெரும்பாலும் காரணம், அனீலிங் முடிந்த தகட்டில், அதாவது சூடாக்கி மென்மையாக்கிய தகட்டில், கிரெயின் என்னும் நுண்ணிய உலோகப் படிகங்கள் பெரிதாக இருப்பதுதான். ஒவ்வொரு கிரெயினும் இழுபடும்போது தன் திசைக்கு ஏற்ப ஒவ்வொரு விதமாக நெளியும். கிரெயின் சிறிதாக இருந்தால் அந்த நெளிவு கண்ணுக்குத் தெரியாது, பெரிதாக இருந்தால் விரலுக்கே தெரியும்.

கப்பலூர் சிட்கோ எஸ்டேட்டில் விளக்குத் தட்டு இழுக்கும் ஒரு சிறிய யூனிட்டுக்கு இந்தத் தொல்லை வந்தது. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் உள்ள 1 மி.மீ. தகடு. கிரெயின் சைஸ் 0.050 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லித்தான் வாங்கியிருந்தார்கள். தகட்டோடு வந்த சான்றிதழில் 0.035 மி.மீ. என்று இருந்தது. பேப்பர்படி தகடு நல்ல தகடு, பிரஸ்படி அது மோசமான தகடு. இந்தத் தகட்டையே வைத்து, மைக்ரோஸ்கோப் படத்தில் கோடு போட்டு எண்ணி, கிரெயின் சைஸை ஒரே எண்ணில் சொல்லும் ஜி நம்பர் வரை போகும் வழியைச் சொல்கிறேன். கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்குதான். கஷ்டமெல்லாம் எதைக் கிரெயின் எல்லையாக எண்ணுவது என்பதில் இருக்கிறது. பித்தளையில் அது மற்ற உலோகங்களைவிடக் கூடுதல் கஷ்டம்.

துண்டைத் தயார் செய்தல்

தகட்டிலிருந்து சுமார் 15 மி.மீ. சதுரத் துண்டு வெட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் நசுங்கி அங்கே கிரெயின் கெட்டிருக்கும், அதனால் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தள்ளித்தான் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் உருட்டிய திசை என்று துண்டின் பின்னால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் வேலைக்கு வரும்.

மவுன்ட் செய்து, எமரி பேப்பரில் 220-இல் தொடங்கி 1000 வரை, ஒவ்வொரு பேப்பருக்கும் துண்டை 90 டிகிரி திருப்பித் தேயுங்கள். முந்தைய பேப்பரின் கோடு முழுக்கப் போன பிறகுதான் அடுத்த பேப்பர். அப்புறம் துணியில் டைமண்ட் பேஸ்ட், கடைசியில் அலுமினா. பித்தளை மென்மையான உலோகம் என்பதால் தேய்க்கும்போது மேலே ஒரு கலங்கிய படலம் பூசிக்கொள்ளும். ஒருமுறை எட்ச் செய்து, அதாவது ரசாயனக் கரைசலால் மேற்பரப்பை லேசாக அரிக்கவைத்து, மறுபடி லேசாக அலுமினாவில் பாலிஷ் செய்து, மறுபடி எட்ச் செய்தால் அந்தப் படலம் போய் உண்மையான எல்லைகள் வெளிவரும்.

எட்ச் செய்ய அமோனியாக் கரைசல், தண்ணீர் இரண்டும் சமபங்கு எடுத்து, அதில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் குறைவாகச் சேர்க்கலாம். பஞ்சில் தொட்டுச் சில நொடிகள் துடைத்தால் போதும். கலந்ததை உடனே பயன்படுத்த வேண்டும். காலையில் கலந்து வைத்ததைச் சாயங்காலம் எடுத்தால் ஒன்றும் கடிக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பெராக்சைடு பாட்டிலே வெளியில் இருந்தால் வீரியம் போய்விடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். கழுவுவதற்கும் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்று படத்தில் எல்லை மாதிரியே காட்டும். டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஆல்கஹால் ஊற்றி, டிரையரில் காயவைத்து எடுங்கள். இந்த வேலையை மைக்ரோஸ்கோப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், அமோனியா ஆவி லென்ஸுக்கும் மூக்கிற்கும் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

எட்ச் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு எல்லையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போங்கள். அது இன்னொரு எல்லையில் போய்ச் சேர வேண்டும். நடுவழியில், ஒரு கிரெயினுக்குள்ளேயே மங்கி மறைந்துபோனால் எட்ச் போதவில்லை. அப்படியே எண்ணினால் கோடு எல்லையை வெட்டும் வெட்டுகள் குறைந்து, கிரெயின் உள்ளதைவிடப் பெரிது என்று தவறாக வரும். எல்லை தடித்துக் கறுத்து, உள்ளே புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் மிஞ்சிவிட்டது. பாலிஷிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படத்துக்கு அளவு வைப்பது

படத்தில் “100 மடங்கு” என்று எழுதியிருப்பதை நம்பி அளக்காதீர்கள். அந்த எண், படம் எந்த அளவில் அச்சாகிறதோ அந்த அளவுக்கு மட்டும்தான் பொருந்தும். கணினித் திரையில் பெரிதாக்கினாலும், அறிக்கையில் ஒட்டும்போது மூலையைப் பிடித்து இழுத்தாலும் அது பொய்யாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிக்ஸலே குறைந்துவிடும். படத்துக்குள்ளேயே பதித்த அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கி, சேர்ந்து விரியும்.

அதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வேண்டும். ஒரு மி.மீட்டரை 100 பாகமாகப் பிரித்துக் கீறிய கண்ணாடித் துண்டு அது, ஒரு பாகம் 10 மைக்ரான். துண்டைப் பார்க்கப்போகும் அதே லென்ஸில், அதே கேமரா அமைப்பில் இதைப் படம் பிடியுங்கள். எங்கள் படம் 2048-க்கு 1536 பிக்ஸல். பத்து மடங்கு லென்ஸில் 50 பாகம், அதாவது 500 மைக்ரான், 1000 பிக்ஸலுக்கு வந்தது. ஆக ஒரு பிக்ஸல் 0.5 மைக்ரான், முழுப் படம் 1024 மைக்ரான் அகலம், 768 மைக்ரான் உயரம். கணினியில் `ImageJ` வைத்திருப்பவர்கள் `Analyze > Set Scale` போய் 1000 பிக்ஸலுக்கு 500 மைக்ரான் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். மைக்ரோமீட்டரைக் கிடையாக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை படம் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படம் ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எந்த லென்ஸ் என்பதற்கு ஒரு எளிய விதி: ஒரு படத்தில் போடும் கோடுகள் எல்லாம் சேர்ந்து 40 முதல் 100 வெட்டுகள் வரை கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கதை சொல்லும். அதற்கு மிஞ்சினால் கிரெயின் பொடியாகத் தெரிந்து கண் ஏமாறும்.

கோடு போடுவது

இந்த முறையில் கிரெயினின் விட்டத்தை யாரும் அளப்பதில்லை. தெரிந்த நீளமுள்ள கோட்டைப் படத்தின் மேல் போட்டு, அது எத்தனை கிரெயின் எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான். கோட்டின் நீளத்தை வெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டு எல்லைகளுக்கு இடையே உள்ள சராசரித் தூரம் கிடைக்கும்.

ஒரே திசையில் கோடு போட்டால் கிரெயின் நீண்டிருப்பது தெரியாமலே போய்விடும். அதனால் ஒரு படத்துக்கு நான்கு கோடுகள்: உருட்டிய திசையில் கிடையாக 900 மைக்ரான், அதற்குக் குறுக்கே நெடுக்காக 700 மைக்ரான், மூலைவிட்டமாக இரண்டு, ஒவ்வொன்றும் 1200 மைக்ரான். மொத்தம் 4000 மைக்ரான், அதாவது சரியாக 4 மி.மீ. இந்த நீளங்களை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, எங்கள் படத்துக்குள் அடங்கும்படியும் கூட்டுத்தொகை சுலபமாக வரும்படியும் எடுத்துக்கொண்டது. வட்டங்களை வைத்து எண்ணும் முறையும் இருக்கிறது. ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள், மூன்றின் சுற்றளவும் சேர்ந்து 500 மி.மீ. வரும்படி அச்சடித்த தாள் அதற்கு உண்டு. வட்டத்துக்கு முனை கிடையாது, திசைச் சார்பும் கிடையாது, அது அதன் வசதி. ஆனால் கிரெயின் நீண்டிருக்கிறதா என்று அது சொல்லாது, அதனால் தகட்டு வேலையில் நான் நேர்கோட்டையே விரும்புகிறேன்.

படம் எடுக்கும் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண் அழகான, தெளிவான, பெரிய கிரெயின் உள்ள இடத்துக்கே போகும். ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஸ்டேஜை நகர்த்தி, நின்ற இடத்தில் ஃபோகஸ் செய்து படம் எடுங்கள். துண்டு முழுக்கப் பரவலாக ஐந்து இடங்கள் போதும். கோட்டையும் படத்தைப் பார்த்துப் போடாமல், முன்கூட்டியே வரைந்து வைத்த அமைப்பை அப்படியே எல்லாப் படத்திலும் ஒட்டுங்கள்.

எண்ணும் விதி

கோடு ஒரு எல்லையைத் தாண்டினால் 1. எல்லையைத் தாண்டாமல் தொட்டு உரசிப் போனாலும் 1. மூன்று கிரெயின்கள் சந்திக்கும் புள்ளி மேலேயே கோடு போனால் 1½. கோட்டின் முனை கிரெயினுக்குள் நின்றால் அதற்கு ஒன்றும் கிடையாது, முனை சரியாக எல்லையிலேயே போய் முட்டினால் மட்டும் ½. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் இ112 நேர்கோட்டுக்குச் சொல்லும் விதி இது. வெட்டுகளை எண்ணாமல், கோடு கடக்கும் கிரெயின்களை எண்ணும் வழக்கமும் உண்டு. அதில் இரு முனையிலும் உள்ள அரைகுறைக் கிரெயினுக்கு ½ வீதம் போடுவார்கள். எதை எடுத்தாலும் சரி, பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடாது.

முதல் படத்தின் கிடைக்கோட்டில் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம். கோடு ஒரு வெளிர் மஞ்சள் கிரெயினுக்கு உள்ளே தொடங்குகிறது, எனவே தொடக்கத்துக்கு எதுவும் இல்லை. சற்றுத் தூரத்தில் வளைந்த எல்லை ஒன்றைக் கடந்து பழுப்பு நிறக் கிரெயினுக்குள் நுழைகிறது: 1. பழுப்புக்குள் போகும்போதே, ஸ்கேல் வைத்துக் கீறினாற்போல் இரண்டு இணைகோடுகள், நடுவே ஒரு வெளிர் பட்டை. பட்டையைத் தாண்டியதும் மறுபடி அதே பழுப்பு. எண்ணிக்கை அப்படியே 1-தான். அடுத்து மூன்று கிரெயின்கள் கூடும் முனை மேலேயே கோடு ஏறுகிறது: 2½. அதன் பிறகு சாதாரண எல்லை: 3½.

இந்த வெளிர் பட்டையில்தான் வழக்கே கிடக்கிறது.

ட்வின் என்னும் வில்லங்கம்

அனீல் செய்த செம்பு, பித்தளை, ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றில் கிரெயின் வளரும்போதே அதற்குள் அணு அடுக்கு ஒரு தளத்தில் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிவிடும். அந்தத் திரும்பிய பகுதிதான் ட்வின். எட்ச் செய்தால் அது கிரெயினுக்குள் வேறு நிறப் பட்டையாகத் தெரியும். படத்தில் எல்லை மாதிரி இருந்தாலும் கிரெயின் சைஸ் எண்ணும்போது அதைச் சேர்ப்பதில்லை, ட்வின் உள்ள கிரெயினை ஒரே கிரெயினாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

லேபில் எங்களோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டார்: “ஏன்ணே, அதுவும் கோடாத்தானே தெரியுது? அதையும் எண்ணிட்டுப் போனா என்ன?” எண்ணலாம்தான், ஆனால் அப்போது கிடைக்கும் எண்ணை வாங்குபவரின் எண்ணோடும் தர அட்டவணையோடும் ஒப்பிடவே முடியாது. எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதைக் கீழே கணக்கில் பார்ப்போம்.

கிரெயினின் நடுவில் ஓடும் பட்டையை அடையாளம் காண்பது சுலபம். இரு ஓரமும் நேராக, இணையாக இருக்கும். பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறம் ஒன்றாகவே இருக்கும். சில பட்டைகள் கிரெயினைக் கடக்காமல் நடுவிலேயே படிக்கட்டு போல வெட்டுப்பட்டு நிற்கும். கிரெயின் எல்லை அப்படிப் பாதியில் நிற்காது.

குழப்புவது கிரெயினின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ட்வின். அதற்கு ஒரே ஒரு நேர் ஓரம்தான் தெரியும், மறு ஓரம் வளைந்த கிரெயின் எல்லையாகவே இருக்கும். பார்த்தவுடன் தனிக் கிரெயின் என்றுதான் தோன்றும். இந்த இடத்தில் நிறத்தைப் பார்க்காமல், நேர் ஓரம் போய்ச் சேரும் சந்திப்பைப் பாருங்கள். நன்றாக அனீல் ஆன உலோகத்தில் மூன்று கிரெயின்கள் சந்தித்தால், மூன்று எல்லைகளும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு ஒன்றையொன்று இழுக்கும். சந்திப்பு 120 டிகிரிக்குப் பக்கமான கோணங்களில் மூன்று கிளையாகப் பிரிந்து நிற்கும். ட்வினின் நேர் ஓரத்துக்கு ஆற்றல் மிகக் குறைவு என்பதால் அதற்கு இழுக்கும் பலம் கிடையாது. அது வந்து சேரும் இடத்தில் கிரெயின் எல்லை ஏறக்குறைய வளையாமல் தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். சந்திப்பில் எல்லை முறிந்து திரும்பினால் அது தனிக் கிரெயின், முறியாமல் வழுக்கிக்கொண்டு போனால் ட்வின். வெட்டுமுகம் சாய்வாக விழுவதால் படத்தில் எல்லாச் சந்திப்பும் இவ்வளவு தெளிவாக இருக்காது. இரண்டு முனைகளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போதும் புரியாத இடங்கள் சில மிஞ்சும். அவற்றை வேறு நிற மார்க்கரில் குறித்து வையுங்கள், எத்தனை என்று கடைசியில் பார்த்தால் முடிவு அதனால் மாறுமா என்பது தெரிந்துவிடும்.

தானாக எண்ணும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் தடுமாறுவதும் இங்கேதான். வெறும் நிற வேறுபாட்டை வைத்து எல்லை தேடினால் ட்வினின் இரு ஓரங்களும் எல்லையாகிவிடும். பித்தளைக்கு அதை நம்பி அறிக்கை கொடுப்பதற்கு முன் ஒரு படத்தையாவது கையால் எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கு

ஐந்து படங்களில் ட்வினை விட்டுவிட்டு எண்ணியபோது வந்த வெட்டுகள் 81, 77½, 88, 84, 79½. மொத்தம் 410. துல்லியம் ஓரளவுக்கு வர மொத்தம் 400 வெட்டுகளாவது இருப்பது நல்லது, அது கிடைத்துவிட்டது. ஒரு படத்துக்கு 4 மி.மீ. வீதம் மொத்தக் கோடு 20 மி.மீ. ஆக ஒரு மி.மீட்டருக்கு 410 ÷ 20 = 20.5 வெட்டுகள். தலைகீழாக்கினால் சராசரி இடைவெளி 0.0488 மி.மீ., அதாவது 48.8 மைக்ரான்.

இதை ஜி நம்பராக மாற்ற வேண்டும். ஜி நம்பரின் மூல வரையறை பழைய அங்குலக் கணக்கு: 100 மடங்கு பெரிதாக்கிய படத்தில் ஒரு சதுர அங்குலத்தில் தெரியும் கிரெயின்களின் எண்ணிக்கை 2-இன் அடுக்கு (G − 1). அதனால்தான் கிரெயின் சிறுக்கச் சிறுக்க ஜி ஏறும். கோட்டுக் கணக்குக்கு இரண்டு விஷயம் நினைவிருந்தால் போதும். ஜி 0 என்றால் சராசரி இடைவெளி 320 மைக்ரான். ஜி இரண்டு கூடினால் இடைவெளி பாதியாகும். 2-க்கு 160, 4-க்கு 80, 6-க்கு 40, 8-க்கு 20, 10-க்கு 10. நம் 48.8 மைக்ரான் 80-க்கும் 40-க்கும் நடுவே, 40-க்குக் கிட்டத்தில் இருக்கிறது. எனவே ஜி ஐந்தரைக்குப் பக்கம் வர வேண்டும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். வெட்டுகளின் எண்ணிக்கையை P, மொத்தக் கோட்டு நீளத்தை L, சராசரி இடைவெளியை l என்று வைத்து அதையே சூத்திரமாக எழுதினால்:

```
PL = P / L          (L: mm)
l  = 1 / PL
G  = -3.2877 + 6.6439 * log10(PL)
d  = 1.1225 * l
```

எக்செல்லில் போடுவதானால்:

```
=-3.2877+6.6439*LOG10(20.5)
```

விடை 5.43. அறிக்கையில் 5.4 என்று எழுதுவோம். நீளத்தை மைக்ரானில் போட்டுவிட்டால் இந்தச் சூத்திரம் ஒன்றுக்கும் உதவாத எண்ணைக் கொடுக்கும். மேலே சொன்ன மனக்கணக்கோடு ஒத்துப்பார்த்தால் அந்தப் பிழை உடனே மாட்டிக்கொள்ளும்.

கடைசி வரியில் உள்ள `d` எதற்கு என்றால், பித்தளைத் தகட்டு வியாபாரத்தில் ஜி நம்பரைவிட மி.மீட்டரில் சொல்லும் “சராசரி கிரெயின் விட்டம்”தான் புழக்கம். சான்றிதழில் இருந்த 0.035 அதுதான். கோடு போட்டுக் கிடைத்த இடைவெளியை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஒரே ஜி நம்பருக்கு அட்டவணையில் விட்டம், இடைவெளியைவிடச் சுமார் 12 சதவீதம் கூடுதல். ஜி 6-க்கு இடைவெளி 40 மைக்ரான், விட்டம் 44.9 மைக்ரான். நம் 48.8 மைக்ரான் இடைவெளிக்கு விட்டம் 0.055 மி.மீ. இதைக் கவனிக்காமல் 0.0488-ஐ அப்படியே 0.050 என்ற வரம்போடு வைத்துப் பார்த்திருந்தால் தகடு பாஸ் ஆகியிருக்கும்.

எவ்வளவு நம்பலாம்

ஐந்து படங்களின் வெட்டுகளை ஒரு மி.மீட்டருக்கு மாற்றினால் 20.25, 19.38, 22.00, 21.00, 19.88. இவற்றின் திட்டவிலக்கம் 1.03. ஐந்து படத்துக்கு 95 சதவீத நம்பகத்துக்கான பெருக்கி 2.776. இரண்டையும் பெருக்கி, ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.27 வருகிறது. 20.5-இல் இது 6 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது தரத்தின் வழக்கம். 10-ஐத் தாண்டினால் ஏற்கெனவே எடுத்த படத்தில் கோட்டைக் கூட்டுவதைவிட, வேறு இடங்களில் புதுப் படம் எடுப்பது பலன் தரும்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஜி நம்பரில் சொன்னால் 5.4 ± 0.2. விட்டத்தில் சொன்னால் 0.052 முதல் 0.058 மி.மீ. வரை. தகட்டுக்குச் சாதகமான கீழ் ஓரத்தை எடுத்தாலும் 0.050-ஐத் தாண்டுகிறது. தகடு வரம்புக்கு வெளியே என்று தயங்காமல் சொல்லலாம்.

திசைக் கணக்கும் பார்த்துவிடுவோம். ஐந்து கிடைக்கோடுகளும் சேர்ந்து 4500 மைக்ரான், அவற்றில் 91 வெட்டுகள், எனவே 49.5 மைக்ரான். நெடுக்குக் கோடுகள் 3500 மைக்ரான், 73 வெட்டுகள், 47.9 மைக்ரான். இரண்டுக்கும் வித்தியாசம் 3 சதவீதம்தான். கிரெயின் எந்தப் பக்கமும் நீளவில்லை, அனீலிங் முழுமையாக நடந்திருக்கிறது. அடுப்பில் சூடோ நேரமோ கூடிப்போய்க் கிரெயின் வளர்ந்திருக்கிறது என்பதோடு இது பொருந்துகிறது. உருட்டிய திசையில் கிரெயின் நீண்டு கிடந்தால் ஒற்றைச் சராசரி போதாது, திசைவாரியாகத் தனித்தனியே எழுத வேண்டும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். அதே ஐந்து படங்களில், அதே கோடுகளில், ட்வினின் ஓரங்களையும் சேர்த்து எண்ணச் சொன்னேன். மொத்தம் 620 வெட்டுகள். ஒரு மி.மீட்டருக்கு 31, இடைவெளி 32.3 மைக்ரான், ஜி 6.6, விட்டம் 0.036 மி.மீ. சான்றிதழில் இருந்த 0.035-க்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது!

எந்த எண் சரி என்று சந்தேகப்படுபவர்களுக்குக் காட்ட, கோடே இல்லாத ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. 100 மடங்கில் ஒரு அங்குலம் என்பது உலோகத்தில் 0.254 மி.மீ. நம் படத்தில் அது 508 பிக்ஸல். 508-க்கு 508 பிக்ஸல் சதுரம் ஒன்றைப் படத்தில் வரைந்து, முழுதாக உள்ளே இருக்கும் கிரெயினுக்கு 1, சதுரத்தின் ஓரம் வெட்டும் கிரெயினுக்கு ½ என்று எண்ணுங்கள். ஜி 5.4 என்றால் 2-இன் அடுக்கு 4.4, சுமார் 21 கிரெயின் வர வேண்டும். ஜி 6.6 என்றால் சுமார் 49 வர வேண்டும். ஒரு சதுரத்தில் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் 21-க்கும் 49-க்கும் குழம்ப வழியே இல்லை. இந்தச் சதுரத்திலும் ட்வின் பட்டையைத் தனிக் கிரெயினாக எண்ணினால் பழைய குழப்பமே திரும்ப வரும், அது மட்டும் கவனம்.

எங்கே இந்த முறை உதவாது

பெரிய கிரெயின்களும் பொடிக் கிரெயின்களும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தால் சராசரி ஒன்றுமே சொல்லாது. படத்துக்குப் படம் எண்ணிக்கை தாறுமாறாக ஓடுவதும், ஒரே கோட்டில் நீண்ட இடைவெளியும் நெருக்கமான வெட்டுகளும் கும்பல் கும்பலாக வருவதும் அதன் அடையாளம். அப்போது இரண்டு கூட்டத்தையும் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதப் பரப்பு என்று சொல்ல வேண்டும். 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளையில் ஆல்ஃபாவோடு பீட்டா என்னும் இரண்டாவது பகுதியும் கலந்திருக்கும். மேலே சொன்ன கணக்கை அதற்கு அப்படியே போட முடியாது, ஆல்ஃபாவின் மேல் விழும் கோட்டு நீளத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்டீலுக்கு இதே கோட்டு முறை பொருந்தும், இந்தியத் தரம் ஐஎஸ் 4748. ஃபெரைட் கிரெயினில் இந்த ட்வின் தொல்லை கிடையாது என்பதால் முதன்முதலில் பழகுபவர்கள் அனீல் செய்த குறைகார்பன் ஸ்டீலில் பழகுவது நல்லது.

அறிக்கையில் என்ன எழுதுவது

ஜி நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. கப்பலூர் தகட்டுக்குக் கொடுத்தது இப்படி: நேர்கோட்டு வெட்டு முறை, ஏஎஸ்டிஎம் இ112, தகட்டின் மேற்பரப்புக்கு இணையான தளம், 5 படங்கள், மொத்தக் கோடு 20 மி.மீ., 410 வெட்டுகள். ட்வின் எல்லைகள் சேர்க்கப்படவில்லை. சராசரி இடைவெளி 48.8 மைக்ரான்; ஜி 5.4 ± 0.2, சராசரி விட்டம் 0.055 மி.மீ.

தகடு கொடுத்தவரோடு பேசும்போது அறிக்கையோடு சேர்த்து, அளவுகோல் பதித்த ஐந்து படங்களையும் கோட்டோடும் மார்க்கோடும் ஃபைலாகவே அனுப்பினோம், வெறும் பிரதிகளையும் கூட வைத்து. வெறும் பிரதியில் அவர்களே எண்ணி, பிறகு எங்கள் மார்க்கோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கோட்டில் எந்த இடத்தில் கருத்து வேறுபடுகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். தகராறு வந்த வெட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே நேர் ஓரங்கள்தான்.